நேரத்துக்குத் தமிழைக் கேளுங்கள், இடத்துக்கு ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்

ஆங்கிலத்தில் ஒரு கூட்ட அழைப்பை ஒரே வரியில் எழுதச் சொன்னால், முதுகலை முடித்த மாணவரும் மூன்று சிறு சொற்களின் முன் தயங்கி நிற்கிறார்: ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’. இந்தத் தயக்கத்துக்கு நம் வகுப்பறைகள் தரும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். கரும்பலகையில் தலைகீழாக ஒரு முக்கோணம் வரையப்படும். அகன்ற மேற்பகுதியில் ‘இன்’, நடுவில் ‘ஆன்’, கூர்முனையில் ‘அட்’. பெரியதற்கு ‘இன்’, நடுத்தரத்துக்கு ‘ஆன்’, சிறியதற்கு ‘அட்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். காலத்தைப் பொறுத்தவரை இந்த முக்கோணம் ஓரளவு தாங்கும் என்பதும், இடத்தைப் பொறுத்தவரை அது தவறான வழிகாட்டி என்பதும் என் கருத்து. காலத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி மாணவரின் தாய்மொழியிலேயே இருக்கிறது. அதை நாம் பயன்படுத்த மறுக்கிறோம் என்பதே இப்பதிவில் நான் சொல்ல வருவது.

எடுத்துக்காட்டுக்கு மாட்டுப்பட்டியை எடுத்துக்கொள்கிறேன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் வழியில் அமைந்த இவ்வூரில் அணை உண்டு, தேயிலைத் தோட்டங்கள் உண்டு, கால்நடைப் பண்ணையும் உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் புழங்கும் ஊர். அங்கு நடக்கவிருக்கும் ஒரு கூட்டத்துக்கு இப்படி ஓர் அழைப்பு எழுதப்படுவதாகக் கற்பனை செய்வோம்:

‘தி மீட்டிங் வில் பி ஹெல்ட் அட் 10.30 ஏ.எம். ஆன் மண்டே, 12 ஜனவரி, அட் தி எஸ்டேட் ஆபீஸ் இன் மாட்டுப்பட்டி.’

இதையே தமிழில் எழுதினால்:

‘ஜனவரி 12, திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு மாட்டுப்பட்டி எஸ்டேட் அலுவலகத்தில் கூட்டம் நடைபெறும்.’

இரண்டு வரிகளிலும் உறவுச் சொற்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நான்கு முன்னிடைச்சொற்கள் உள்ளன. தமிழில் இரண்டே உருபுகள்: ‘மணிக்கு’ என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபு, ‘அலுவலகத்தில்’ என்பதிலுள்ள ஏழாம் வேற்றுமை உருபு. தேதியும் கிழமையும் உருபின்றி வெறுமனே நிற்கின்றன. ஊர்ப்பெயரும் அப்படியே நிற்கிறது. தமிழ், பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்கிவந்து, தொடரின் கடைசிச் சொல்லில் மட்டும் உருபை ஏற்றுகிறது. ஆங்கிலம் சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறிச்சென்று, ஒவ்வொரு படியிலும் ஒரு முன்னிடைச்சொல்லை வைக்கிறது.

எனவே நம் மாணவரின் சிக்கல் ‘எந்தச் சொல்லை இடுவது’ என்பதில் தொடங்குவதில்லை. ‘இங்கே ஒரு சொல் வேண்டும்’ என்பதே முதலில் அவருக்குத் தோன்றாது. கிழமைக்கு முன் ஒன்றும் இடாமல் விடுவது, அல்லது ஏதோ ஒன்று வேண்டும் என்று நினைவுக்கு வந்து, ‘ஆன்’ என்பதை 10.30-க்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது, இரண்டும் இந்த எண்ணிக்கை வேறுபாட்டிலிருந்து பிறக்கும் பிழைகள். முக்கோணம் இதற்கு உதவாது. அது தேர்வைப் பற்றி மட்டுமே பேசுகிறது, எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது காலத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்போம். மேற்கண்ட தமிழ்த் தொடரை மூன்று தனி வினாக்களுக்கான விடைகளாக உடைத்துவிடுங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு? ‘10.30 மணிக்கு.’ எந்தக் கிழமை? ‘திங்கட்கிழமை அன்று.’ எந்த மாதம்? ‘ஜனவரியில்.’ தனித்தனியே கேட்டவுடன் தமிழும் மூன்று வடிவங்களைத் தந்துவிட்டது. கடிகார நேரத்துக்கு ‘-க்கு’, நாளுக்கு ‘அன்று’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘-இல்’. ஆங்கிலத்தின் ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ என்ற பகுப்பு இதே இடங்களில்தான் விழுகிறது. மலையாளமும் இதற்கு மாறானதன்று. ‘பத்து மணிக்கு’, ‘திங்களாழ்ச்ச’, ‘ஜனுவரியில்’ என்று அதுவும் மூன்றாகவே பிரிக்கிறது. ஆகவே மாட்டுப்பட்டியில் எந்த மொழியை வீட்டில் பேசும் மாணவராயினும், காலத்துக்குரிய மும்மைப் பகுப்பை வகுப்பறைக்கு வரும் முன்பே கையில் வைத்திருக்கிறார்.

பண்டிகைகளைப் பேசும்போது இந்த ஒற்றுமை இன்னும் துல்லியமாகத் தெரியும். ‘கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறேன்’ என்றால் அந்தப் பண்டிகைக் காலத்தைச் சொல்கிறோம். ‘கிறிஸ்துமஸ் அன்று மழை பெய்தது’ என்றால் டிசம்பர் 25 என்ற ஒற்றை நாளைச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் முன்னதற்கு ‘அட் கிறிஸ்துமஸ்’, பின்னதற்கு ‘ஆன் கிறிஸ்துமஸ் டே’. ‘அட்’ சிறிய அலகுக்கு உரியது என்னும் முக்கோண விதி இங்கே உடைந்துபோகிறது, ஏனெனில் பண்டிகைக் காலம் ஒரு நாளைவிடப் பெரியது. தமிழ் வடிவமோ மாணவரைச் சரியான இடத்துக்கே கொண்டுசெல்கிறது.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு, அவற்றையும் வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும். ‘இரவில்’ என்பதில் ‘-இல்’ இருக்கிறது, ஆங்கிலமோ பொதுவாக ‘அட் நைட்’ என்கிறது. ‘நண்பகலில்’, ‘நள்ளிரவில்’ என்பவையும் அப்படியே. ஆங்கிலம் அவற்றைக் கடிகாரத்தின் புள்ளிகளாகக் கருதி ‘அட்’ இடுகிறது. ‘வார இறுதியில்’ என்பதற்குப் பிரித்தானிய வழக்கில் ‘அட்’, அமெரிக்க வழக்கில் ‘ஆன்’. மேலும் ‘கூட்டம் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டது’ என்னும்போது வரும் ‘-க்கு’ நேரத்தைக் குறிக்கும் உருபன்று, நகர்த்தலின் இலக்கைக் குறிப்பது. அங்கே ஆங்கிலத்தில் ‘டு’ வரும். விலக்குகள் இவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிக்கடி நேரும் விலக்குகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்.

கூட்ட அழைப்பில் தனியே கவனிக்க வேண்டிய விலக்கு ஒன்று இருக்கிறது. ‘காலையில்’ என்பதற்கு ‘இன் தி மார்னிங்’ என்பது பொருத்தமானது. ‘திங்கட்கிழமை காலையில்’ என்றால்? உருபை மட்டும் பார்க்கும் மாணவர் ‘இன் மண்டே மார்னிங்’ என்று எழுதுவார். தமிழில் உருபு கடைசிச் சொல்லான ‘காலை’யில் ஏறியிருப்பதால், முன்னால் நிற்கும் கிழமை அவர் கண்ணில் படுவதில்லை. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தொடர் முழுவதற்கும் முன்னால் நிற்கிறது. அத்தொடருக்குள் ஒரு குறிப்பிட்ட நாள் நுழைந்துவிட்டால், நாளுக்குரிய ‘ஆன்’ வந்துவிடும்: ‘ஆன் மண்டே மார்னிங்’. இதற்கு மாணவருக்கு நான் சொல்லும் விதி எளியது. தொடரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதில் தேதியோ கிழமையோ எங்கேனும் ஒளிந்திருந்தால் காலை, மாலை என்பவற்றின் ‘-இல்’ உருபைப் பொருட்படுத்தாதீர்கள்.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். நம் அழைப்பிதழ்கள் ‘10.30 மணிக்கு’ என்று எழுதுவதைவிட ‘10.30 மணியளவில்’ என்று எழுதுவதையே விரும்புகின்றன. இது மரியாதையின் நெகிழ்வு. ஏறக்குறைய அந்நேரத்தில் என்பது பொருள். இதை ஆங்கிலமாக்கும்போது நம்மவர் பலர் ‘பை 10.30’ என்று எழுதுகின்றனர். நமக்குள் அது ‘மணியளவில்’ என்றே புரிந்துகொள்ளப்படும். வெளியூர் வாசகருக்கோ அது ‘10.30 மணிக்குள்’ என்று பொருள்படும். ஒரு கூட்டத்துக்கு இதனால் பெரும் கேடில்லை. ஆய்வுச் சுருக்கம் அனுப்புவதற்கான இறுதி நேரத்தில் இதே குழப்பம் நேர்ந்தால், கட்டுரை ஏற்கப்படுமா இல்லையா என்பதே அதைப் பொறுத்ததாகிவிடும். ‘மணிக்கு’, ‘மணியளவில்’, ‘மணிக்குள்’ என்ற மூன்றையும் அருகருகே வைத்து, ‘அட்’, ‘அரவுண்ட்’, ‘பை’ என்ற மூன்றோடு இணைத்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். இங்கும் தமிழே வழிகாட்டுகிறது.

இனி இடம். இங்கே நிலைமை தலைகீழ். காலத்தில் மூன்றாகப் பிரித்த தமிழ், இடத்தில் ஒரே உருபோடு நின்றுவிடுகிறது. அறையில், மேசையில், நிலையத்தில் என்ற மூன்றிலும் ‘-இல்’ என்ற ஒன்றே. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘இன்’, இரண்டாவதற்கு ‘ஆன்’, மூன்றாவதற்கு ‘அட்’. மலையாளமும் இவ்விடத்தில் பெரிதாக உதவாது. அதற்கும் ‘-இல்’ பொதுவானது. ஆகவே இடத்தைப் பொறுத்தவரை மாணவர் உருபை நேராகப் பெயர்க்க முடியாது, கூடுதலாக ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும்.

மாட்டுப்பட்டியில் அந்த வினா எவ்வளவு மெய்யானது என்று பாருங்கள். ‘கூட்டம் அணையில் நடைபெறும்’ என்று தமிழில் எழுதிவிட்டோம் என்று கொள்வோம். அணைச்சுவரின் மேலே சாலை செல்கிறது. அதன் பின்னே படகுகள் ஓடும் நீர்த்தேக்கம் இருக்கிறது. பேச்சுவழக்கில் அந்த நீர்ப்பரப்பையும் ‘அணை’ என்றே சொல்கிறோம். சுற்றிலும் கடைகளும் வாகனங்கள் நிற்கும் இடமும் கொண்ட ஒரு வட்டாரமும் ‘அணை’ என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. ‘ஆன் தி டேம்’ என்றால் சுவரின் மேல். ‘இன் தி டேம்’ என்று நாம் எழுதினால் நம்மூர் வாசகர் நீர்த்தேக்கத்தை நினைப்பார், வெளிநாட்டு விருந்தினர் சுவரின் உட்புறத்தை நினைத்துத் திகைப்பார். ‘அட் தி டேம்’ என்றால்தான் அந்த வட்டாரம் ஒரு சந்திப்பிடமாகக் குறிக்கப்படும். கூட்டம் நடக்கவிருப்பது அங்கேதான் என்பதால் அழைப்புக்கு உரியது அதுவே. தமிழ் அழைப்பின் ‘அணையில்’ என்ற சொல் இம்மூன்றையும் தன்னுள் அடக்கிவைத்திருக்கிறது. ஆங்கிலம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்துகிறது.

இத்தேர்வுக்கு அளவு அடிப்படையன்று. குவர்க்கும் உடனாசிரியர்களும் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம் இம்மூன்று சொற்களையும் பரிமாணத்தால் பிரிக்கிறது. இடத்தைப் புள்ளியாகக் கண்டால் ‘அட்’, கோடாகவோ பரப்பாகவோ கண்டால் ‘ஆன்’, எல்லைகளால் சூழப்பட்டதாகக் கண்டால் ‘இன்’. ‘கண்டால்’ என்பதே இங்கு முக்கியம். பொருள் எவ்வளவு பெரியது என்பதைவிட, பேசுபவர் அதை எப்படிக் காண்கிறார் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது. பேருந்து நிற்கும் இடமாக மாட்டுப்பட்டியைச் சொன்னால் ‘அட் மாட்டுப்பட்டி’, ஒருவர் குடியிருக்கும் ஊராகச் சொன்னால் ‘இன் மாட்டுப்பட்டி’. சென்னை எவ்வளவு பெரிய நகரம்! ஆனாலும் ஒரு விமானம் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கினால், பயணப்பாதையின் ஒரு புள்ளியாக அது சுருங்கி ‘அட் சென்னை’ ஆகிவிடுகிறது. மாட்டுப்பட்டி என்ற பெயரிலேயே கால்நடைகளை அடைக்கும் ‘பட்டி’ இருக்கிறது. பட்டி என்ற பொருள் சூழ்ந்த இடம். ஊர்ப்பெயரான பின் அது புள்ளியாகவும் நிற்கக்கூடும்.

ஆங்கில முன்னிடைச்சொற்களைப் பற்றி 1986-இல் நூல் எழுதிய அனெட் ஹெர்ஸ்கோவிட்ஸ் இன்னொரு நுட்பத்தையும் கவனப்படுத்தினார். ‘அட்’ என்பது பெரும்பாலும் விலகி நின்று பார்க்கும் பார்வை. ஒருவர் எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கிறார் என்பதை மூணாறிலிருந்து சொல்பவர் ‘அட்’ என்பார். அதே கட்டடத்தின் அடுத்த அறையில் இருப்பவர் அப்படிச் சொன்னால் பொருந்தாமல் ஒலிக்கும். கூட்ட அழைப்புக்கு இது நேரடியாகப் பயன்படும். அழைப்பு என்பது எப்போதும் அங்கே இன்னும் வந்துசேராதவருக்கு எழுதப்படுவது. ஆகவே நிறுவனம், அலுவலகம், கல்லூரி ஆகியவற்றுக்கு ‘அட்’ இயல்பாகிறது. வந்துசேர்ந்தவர் எந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்று சொல்லும்போதுதான் ‘இன்’ தேவைப்படுகிறது.

மாணவர் எழுப்ப வேண்டிய கூடுதல் வினாவையும் தமிழிலேயே வடிவமைக்கலாம். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையைச் சொல்லும்போது உருபோடு நிறுத்திவிடாமல், அகம், புறம், உள், கீழ், மேல், முன், பின், இடை போன்ற இடப்பெயர்களையும் வரிசைப்படுத்துகிறது. உருபு பிரிக்காததைப் பிரிப்பதற்கான சொற்கள் தமிழில் உண்டு; தேவைப்படும்போது மட்டும் அவற்றை எடுக்கிறோம் என்பதே வேறுபாடு. எனவே ‘-இல்’ வரும் இடத்தில் ‘மேல்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் ‘ஆன்’. ‘உள்ளே’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் ‘இன்’. இரண்டுமே சொல்ல வந்ததைக் கெடுத்தால் ‘அட்’. ‘மேசையில் கோப்பு இருக்கிறது’ என்பதில் ‘மேசைமேல்’ பொருந்துகிறது. ‘அறையில் கூட்டம்’ என்பதில் ‘அறைக்குள்’ பொருந்துகிறது. ‘அணையில் கூட்டம்’ என்பதில் ‘அணைமேல்’, ‘அணைக்குள்’ இரண்டுமே நாம் சொல்ல வந்ததன்று.

இச்சோதனை தோற்கும் இடம் மாட்டுப்பட்டிக்காரர்களுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. ‘தோட்டத்தில்’ என்ற ஒரு சொல்லால் வீட்டுப் பூந்தோட்டத்தையும் தேயிலை எஸ்டேட்டையும் நாம் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் பூந்தோட்டத்துக்கு ‘இன் தி கார்டன்’, எஸ்டேட்டுக்கு ‘ஆன் தி எஸ்டேட்’. கால்நடைப் பண்ணைக்கும் ‘ஆன் தி ஃபார்ம்’ என்பதே வழக்கு, பல்கலைக்கழக வளாகத்துக்கு ‘ஆன் கேம்பஸ்’. ‘தோட்டத்தின்மேல் வேலை செய்கிறார்’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார் என்பதால் என் சோதனை இங்கே பயனற்றுப் போகிறது. ஆனால் இச்சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எஸ்டேட், பண்ணை, வளாகம் மூன்றும் நிலப்பரப்புகள். ஆங்கிலம் அவற்றைக் காலடியில் விரிந்த தரையாகக் காண்கிறது. இரண்டாம் தளத்துக்கு ‘ஆன்’ வருவதும் தளம் ஒரு பரப்பு என்பதால்தான். பேருந்துக்கும் இணையவழிக் கூட்டத்துக்கும் ‘ஆன்’ வருவதை மட்டும் வழக்கென்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பி, அதைச் சற்று நீட்டுவோம். கூட்டம் எஸ்டேட் அலுவலகத்தின் முதல் தளத்தில் உள்ள ஓர் அறையில் நடக்கிறது என்றால் தமிழ் ‘மாட்டுப்பட்டி எஸ்டேட் அலுவலக முதல் தளக் கூட்ட அறையில்’ என்று ஒரே ‘-இல்’ கொண்டு முடித்துவிடும். ஆங்கிலம் உள்ளிருந்து வெளியே வரும்: அறைக்கு ‘இன்’, தளத்துக்கு ‘ஆன்’, அலுவலகத்துக்கு ‘அட்’, ஊருக்கு ‘இன்’. நான்கு படிகள், நான்கு பார்வைகள். அறை சூழ்கிறது, தளம் பரப்பாகிறது, அலுவலகம் தொலைவிலிருந்து பார்க்கும் புள்ளியாகிறது, ஊர் மீண்டும் சூழ்கிறது. அளவு படிப்படியாகப் பெருகிக்கொண்டே போகிறது. சொற்களோ ‘இன்’னில் தொடங்கி ‘இன்’னிலேயே முடிகின்றன. முக்கோணத்தை நம்பிய மாணவர் இந்த வரியை எழுதவே முடியாது.

ஆசிரியர்களிடமும் வினாத்தாள் அமைப்பவர்களிடமும் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, ‘தி மீட்டிங் இஸ் ___ மூணாறு’ என்பது போன்ற ஒற்றைக் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லி, ஒரே விடைக்கு மட்டும் மதிப்பெண் தருவதை நிறுத்துங்கள். அங்கே ‘அட்’ என்பதும் ‘இன்’ என்பதும் பார்வையைப் பொறுத்துச் சரியானவை. சரியான விடை எழுதியவரின் மதிப்பெண்ணைப் பறிக்கும் வினா, பிழையான வினா. அதற்கு மாறாக, சூழலைச் சொல்லி முழு வரியை எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் மாணவர் எந்தப் படியில் சொல்லை விட்டுவிட்டார், எந்தப் படியில் தவறானதைத் தேர்ந்தார் என்பது பிரிந்து தெரியும். கிழமைக்கு முன் வெற்றிடம் இருந்தால் அது எண்ணிக்கைப் பிழை. தமிழ்த் தொடரை மூன்று வினாக்களாக உடைக்கச் சொன்னால் அது தீரும். எஸ்டேட்டுக்கு முன் ‘இன்’ இருந்தால் அது ‘-இல்’ தந்த பிழை. அதற்கு வேறு பாடம் வேண்டும். இரண்டையும் ஒரே சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘முன்னிடைச்சொற்களைப் படி’ என்று ஓரத்தில் எழுதுவதால் மாணவருக்கு எதுவும் தெரியவருவதில்லை.

இரண்டாவது, ஆங்கில வகுப்பில் தமிழோ மலையாளமோ ஒலித்தால் அது தோல்வி என்று எண்ணும் வழக்கத்தை, குறைந்தது இப்பாடத்திலாவது கைவிடுங்கள். தாய்மொழியின் குறுக்கீடு என்று நாம் பழிப்பது இடத்தைப் பொறுத்தவரை உண்மை. காலத்தைப் பொறுத்தவரை அதே தாய்மொழி ஆயத்தமான விடைத்தாள். எங்கே உதவும், எங்கே உதவாது என்று பிரித்துச் சொல்வது மொழியியல் படித்தவர்களாகிய நம் வேலை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, ‘மணிக்கு’ என்று தயக்கமின்றிப் பேசும் மாணவரை ‘அட்’ என்ற சொல்லுக்காக முக்கோணத்தின் கூர்முனையில் நிறுத்திவைப்பதில் நியாயமில்லை.